வணக்கமா, கைகுலுக்கலா? ஒரே டம்ளரா, தனி டம்ளரா? காய்ச்சல் காலத்து வீட்டு விருந்துக்கு ஓர் ஒப்பீடு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. அதே நாட்களில்தான் தீபாவளியும் வருகிறது, உறவும் வருகிறது. வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் 81 வயது மாமியார், 3 வயதுப் பையன். பண்டிகைக்குப் பதினோரு பேர் சாப்பிட வருகிறார்கள். பெரிய மாமா யாரைப் பார்த்தாலும் இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொள்வார். நாத்தனார் தன் தட்டிலிருந்தே பையனுக்கு ஊட்டுவார். எல்லாவற்றையும் வேண்டாம் என்றால் மனஸ்தாபம் வரும். எதை விடுவது, எதைப் பிடித்துக்கொள்வது?"

இதே கேள்வி பலருக்கும் இருக்கிறது. எல்லாவற்றையும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் எதை முதலில் மாற்றுவது என்பதில் பெரும்பாலானோர் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். வாசலில் கைகுலுக்காமல் கும்பிடுகிறார்கள். உள்ளே வந்ததும் தண்ணீர்ப் பானை மேல் கவிழ்த்து வைத்த ஒரே டம்ளரில் எல்லோரும் குடிக்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஃப்ளூ வைரஸ் உடம்புக்குள் நுழைய மூக்கு, வாய், கண் என்று மூன்றே வாசல்கள். தோல் வழியாக நுழையாது. வெளியே வருவதும் மூக்குச் சளி, எச்சில், இருமல், தும்மல், பேச்சு இவற்றோடுதான். அதனால் எந்தப் பழக்கத்தைப் பற்றியும் நான் நாலு கேள்வி கேட்பேன்.

முதல் கேள்வி: முகத்துக்கு முகம் எவ்வளவு நெருக்கம், எவ்வளவு நேரம்? ஃப்ளூ பெரும்பாலும் பரவுவது இந்த வழியில்தான். ஏறக்குறைய ஆறு அடிக்குள் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கதவு ஜன்னல் மூடிய அறை என்றால் அதற்கு அப்பாலும் போகும்.

இரண்டாவது: ஒருவருடைய ஈரம் இன்னொருவருடைய வாய்க்கோ மூக்குக்கோ நேராகப் போகிறதா? ஈரம் என்றால் எச்சிலும் சளியும். நேராகப் போனால் நடுவில் காய்ந்து சாகக்கூட வைரஸுக்கு நேரம் கிடைக்காது.

மூன்றாவது: மாற்றினால் யாருக்கு மனசு நோகும்? நாலாவது: மூன்றாம் நாளும் நடக்குமா? பண்டிகைக்கு வருகிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவதில்லை. முதல் நாள் மட்டும் கடைப்பிடித்துவிட்டு மறந்துபோகிற ஏற்பாட்டால் பயன் குறைவு.

இதோடு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். காய்ச்சல் தெரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து ஃப்ளூ பரவத் தொடங்கிவிடும். முதல் மூன்று நாலு நாள்தான் உச்சம், ஐந்து முதல் ஏழு நாள் வரை தொடரலாம், குழந்தைகளுக்கு இன்னும் நீளலாம். அதனால் "உடம்பு சரியில்லாதவர்களிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருப்போம்" என்பது பாதிதான் உதவும். நன்றாக இருக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

## கைகுலுக்குதல்

கையைப் பற்றிய பயம் முழுக்க வீணானதல்ல. ஆனால் அளவு தெரிந்து பயப்பட வேண்டும். 1982-ல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டீல், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரை தாங்கியது. அங்கிருந்து விரலுக்கு ஏறிய வைரஸோ ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. நம் தோல் அதற்கு அவ்வளவு ஒத்துவராத இடம்.

அப்படியென்றால் குலுக்கும் அந்த இரண்டு விநாடியைவிட, அதற்கு முந்தைய சில நிமிடங்களும் பிந்தைய சில நிமிடங்களும்தான் முக்கியம். முன்னால் அந்தக் கை மூக்கைத் துடைத்ததா? பின்னால் உங்கள் கை உங்கள் முகத்துக்குப் போனதா? இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் "ஆம்" என்றுதான் இருக்கும். ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்கள் 26 பேரைப் படம்பிடித்துப் பார்த்த 2015 ஆய்வில், ஒவ்வொருவரும் மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டார்கள். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை வாய், மூக்கு, கண் இவற்றின் மீது. படித்தவர்களே இப்படியென்றால், மூன்று வயதுப் பையன் கையை எங்கெல்லாம் வைப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம், எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. 2014-ல் பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் நடந்த சோதனையில், கையுறையில் பாக்டீரியாவைத் தடவிக்கொண்டு கைகுலுக்கியும், உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டியும், முஷ்டியோடு முஷ்டி முட்டியும் பார்த்தார்கள். தட்டியபோது குலுக்கியதில் ஏறக்குறைய பாதிதான் போனது. முஷ்டியில் பத்தில் ஒரு பங்கு. அது பாக்டீரியா, ஃப்ளூ அல்ல. அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் பெரிய மாமாவின் இரண்டு கைப் பிடி எந்தப் பக்கம் சேரும் என்பது புரிகிறது.

கைகுலுக்கலில் மறைந்திருக்கும் செலவு கையில் இல்லை, முகத்தில் இருக்கிறது. கை கொடுக்க வேண்டுமென்றால் ஒரு கை நீளத்துக்குள் வர வேண்டும். நம் பக்கத்து உறவுகள் கையைப் பிடித்தால் உடனே விடுவதில்லை. "எப்படி இருக்கீங்க, இளைச்சுட்டீங்களே" என்று பேசி முடியும்வரை பிடித்தபடியே நிற்போம். அந்த அரை நிமிடப் பேச்சு, இரண்டு அடி தூரத்தில், நேருக்கு நேர் நடக்கிறது.

எப்போது கைகுலுக்குவது சரி? துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொள்வதற்கு மாற்றே கிடையாது. கண் சரியாகத் தெரியாத பெரியவருக்கு அந்தத் தொடுகைதான் "நான் வந்திருக்கிறேன்" என்ற செய்தி. அங்கே பிடியுங்கள். பிடித்த பிறகு, முகத்தைத் தொடுவதற்கு முன், சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். கையில் சளி ஈரமாக ஒட்டியிருந்தால் சானிடைசரை நம்ப வேண்டாம். சளிக்குள் இருக்கும் ஃப்ளூ வைரஸை ஆல்கஹால் உடனே எட்டுவதில்லை என்று 2019-ல் ஜப்பானில் கியோட்டோவில் செய்த ஆய்வு காட்டியது. சில நிமிடம் தேய்த்தும் வைரஸ் தாங்கியது. ஓடும் தண்ணீரில் கழுவியபோது அரை நிமிடத்தில் போய்விட்டது. கையில் ஈரம் இல்லையென்றால் சானிடைசர் போதும்.

## வணக்கம்

கைகூப்பி வணக்கம் சொல்வதன் பலன் கை கையைத் தொடாதது மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதைவிடப் பெரிய பலன், எட்டி நின்றே அதைச் சொல்லிவிட முடியும் என்பது. வாசற்படியில் நிற்பவருக்கும் கூடத்தில் இருப்பவருக்கும் நடுவில் எட்டு அடி இருந்தாலும் மரியாதை குறையாது. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் வேலையாக இருப்பதால் அந்த நேரம் முகத்துக்கும் போகாது. 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், மருத்துவமனைகளில் கைகுலுக்கலை விட்டுவிடலாம் என்று மருத்துவர்கள் எழுதியபோது, மாற்றாகச் சொன்ன சைகைகளில் நம் கைகூப்பலும் இருந்தது.

இதிலும் மறைந்திருக்கும் செலவுகள் உண்டு. கும்பிட்டாகிவிட்டது, பாதுகாப்பாகிவிட்டது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. போன மழைக்காலத்தில் ஒரு வளைகாப்பில் கண்ணால் பார்த்தேன். வாசலில் எல்லோரும் அழகாகக் கும்பிட்டார்கள். அடுத்த நிமிடம் அதே பெண்கள் கர்ப்பிணியின் இரண்டு கன்னத்தையும் தடவி நெட்டி முறித்தார்கள். முறித்த கையாலேயே பக்கத்தில் இருந்த குழந்தையின் முகவாயைப் பிடித்துக் கொஞ்சினார்கள். கர்ப்பிணிகளுக்கும், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும், 65 வயது தாண்டியவர்களுக்கும், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஃப்ளூ கடுமையாகலாம். நாம் அதிகம் கன்னம் தடவுவதும் இவர்களில் சிலரைத்தான்.

இன்னொன்று, வயது வித்தியாசம் இல்லாத நெருங்கிய சொந்தத்துக்குள் வணக்கம் அன்னியமாகப் படும். தம்பி அண்ணனைப் பார்த்துக் கும்பிட்டால் "என்னடா, கோபமா?" என்றுதான் கேட்பார். அங்கே வணக்கத்தைத் திணிக்க வேண்டாம். தோளில் பக்கவாட்டில் ஒரு தட்டு போதும். முகமும் முகமும் ஒரே திசையில் இருக்கும். பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவதை நிறுத்த வேண்டியதும் இல்லை. அப்போது முகங்கள் விலகித்தான் இருக்கின்றன. எழுந்த பிறகு கட்டிப்பிடித்து உச்சிமுகர்வதை மட்டும் இந்த இரண்டு மாதம் தள்ளிப்போடலாம்.

ஆக, வணக்கம் சிறந்தது விருந்தினர் வரிசையாக வரும் இடத்தில்: கல்யாண மண்டப வாசல், வரவேற்பு மேடை, பண்டிகை நாள் வீட்டு வாசல். ஒரு கை நாற்பது கையைத் தொட வேண்டிய இடம் அது.

## ஒரே டம்ளர், ஒரே கரண்டி, தன் தட்டிலிருந்து ஊட்டுதல்

இங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன். ஈரம் நேராக வாய்க்குப் போகும் வழி இது. கைகுலுக்கலில் வைரஸ் பிழைக்க வேண்டுமென்றால் கையில் ஏற வேண்டும், அங்கே சாகாமல் இருக்க வேண்டும், பிறகு முகத்துக்குப் போக வேண்டும். டம்ளர் விளிம்பில் அந்த மூன்று தடையும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பானை மேல் ஒரே ஒரு டம்ளர். ஒரு மணி நேரத்தில் ஒன்பது பேர் தண்ணீர் எடுத்தார்கள். நாலு பேர் அண்ணாந்து குடித்தார்கள், ஐந்து பேர் வாய் வைத்துக் குடித்தார்கள். ஒருவரும் அலம்பவில்லை. அண்ணாந்து குடித்தவர்களும் வாய் வைத்தவர்களின் விளிம்பைத்தான் விரலால் பிடித்தார்கள். என் அக்கா மகன் குடித்துவிட்டு மீதியைப் பானையிலேயே திரும்ப ஊற்றினான்.

அண்ணாந்து குடிப்பது நல்ல பழக்கம். எல்லோரும் அப்படியே குடித்தால் ஒரே சொம்பு போதும். ஆனால் சின்னக் குழந்தைக்கு அது வராது. விழுங்கச் சிரமப்படும் வயதானவர்களுக்குப் புரையேறும். அவர்களை அண்ணாந்து குடிக்கச் சொல்லவே கூடாது. அதாவது, யாரைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அவர்கள் இரண்டு பேராலும் அந்த முறையைப் பின்பற்ற முடியாது. அதனால் தனி டம்ளர்தான் வழி.

தனி டம்ளரின் மறைந்த செலவு, எது யாருடையது என்று பத்து நிமிடத்தில் மறந்துபோவது. எங்கள் வீட்டில் கலர் ரப்பர் பேண்ட் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் கழற்றி விளையாடினார்கள். கடைசியில் கைகொடுத்தது பரணில் இருந்த பழைய ஸ்டீல் டம்ளர்கள்தான். ஒவ்வொன்றிலும் கல்யாணத்துக்குக் கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்தது. "உனக்குச் சின்னையா டம்ளர், எனக்கு மேலத்தெரு டம்ளர்" என்று பிள்ளைகளே பிரித்துக்கொண்டார்கள். மூன்று நாளும் மாறவில்லை.

கழுவுவதில் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. காய்ச்சல்காரர் தட்டைத் தனியாக ஒதுக்கித் தனி நாரால் துலக்க வேண்டும் என்பதும், வெந்நீரில் கொதிக்கவைக்க வேண்டும் என்பதும் வீண் பயம். ஃப்ளூ வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. பாத்திரம் துலக்கும் சோப்பு அதைக் கரைத்துவிடும். கழுவாமல் பகிரக் கூடாது, அவ்வளவுதான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காய்ச்சல் வந்த பாட்டிக்குத் தனித் தட்டு ஒதுக்கி மூலையில் வைத்த வீடுகளில், காய்ச்சல் போன பிறகும் அந்தத் தட்டு அங்கேயே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மருத்துவத்துக்கும் தேவையில்லை, மனசையும் உடைக்கும்.

ஊட்டுவதற்கு வருவோம். தன் தட்டில் பிசைந்து, தான் ஒரு வாய் சாப்பிட்டு, அதே விரலால் பையனுக்கு ஒரு வாய். இதில் ஊட்டுகிறவரின் எச்சில் ஒவ்வொரு கவளத்தோடும் போகிறது. பையனுக்குச் சளி என்றால் அவனுடையது இவருக்கு வருகிறது. சூடு ஆற வாயால் ஊதுவதும் அப்படியே. காக்காக்கடி கடித்துக் கொடுப்பதும் அதே கணக்குதான்; மேலே போட்ட துணி எச்சிலில் நனைந்துவிடுகிறது. நாத்தனாரிடம் "ஊட்டாதீர்கள்" என்று சொல்ல வேண்டாம். "பையனுக்கு இந்தக் கிண்ணத்தில் பிசைந்து வைத்திருக்கிறேன், நீங்களே ஊட்டிவிடுங்கள், அப்புறம் நாம் சேர்ந்து சாப்பிடலாம்" என்று கிண்ணத்தைக் கையில் கொடுங்கள். பாசமும் நிற்கும், எச்சில் வழியும் அடைபடும்.

## ஒரே தட்டில் சாப்பிடுவதும், உருட்டிக் கொடுப்பதும்

இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் ஒன்றல்ல. மூன்று பேர் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டால் வாய்க்குப் போன விரல் மறுபடி தட்டுக்கு வருகிறது. ஈரம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. போதாததற்கு மூன்று முகங்களும் ஒரு தட்டின் மேல் குனிந்திருக்கும். காய்ச்சல் காலத்தில் இதைத் தள்ளிவைக்கத்தான் வேண்டும்.

அம்மா பெரிய பாத்திரத்தில் பிசைந்து, சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் உள்ளங்கையில் உருண்டையாக வைப்பது வேறு. அம்மா சாப்பிடுவதில்லை. அவர் கை யாருடைய வாய்க்கும் போவதில்லை. உணவு ஒரே திசையில் போகிறது. பிள்ளைகளின் கை பாத்திரத்துக்குத் திரும்பி வராதவரை இது தட்டுப் பகிர்வே அல்ல. உருட்டுகிறவர் கையைக் கழுவியிருக்க வேண்டும். அவருக்குத் தொண்டைக் கரகரப்புகூட இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் நிலாச்சோற்றை விட வேண்டியதில்லை. மொட்டைமாடியில் என்றால் காற்றோட்டமும் கிடைக்கிறது.

## நடுவில் வைத்து எடுத்துக்கொள்வதா, ஒருவர் பரிமாறுவதா

2020-ல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி ஒரு பஃபே விருந்தை நடத்திப் பார்த்தது. பத்து பேரில் ஒருவர் கையில் மட்டும், விசேஷ விளக்கில்தான் தெரியும் மையைத் தடவினார்கள். அரை மணி நேரத்தில் பத்து பேர் கையிலும் மை, மூன்று பேருக்கு முகத்திலும். பொதுக் கரண்டிப் பிடிகளும் மூடிகளும்தான் முக்கியமான வழி. மை சாகாது, வைரஸ் சாகும். அந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கை எங்கெல்லாம் போகிறது என்பதை அது நன்றாகக் காட்டிவிட்டது.

நம் சாப்பாட்டு மேசையில் இன்னொரு சிக்கல். வலக்கையால் சாப்பிடுகிறோம், எச்சில் கையால் கரண்டியைத் தொடக் கூடாது என்பது பழைய ஒழுக்கம். அதனால் இடக்கையால் எடுக்கிறோம். ஆனால் மூக்கைத் துடைத்ததும் இருமலை மறைத்ததும் பெரும்பாலும் அந்த இடக்கைதான். அதனால் சாப்பாட்டுக்கு முன் இரண்டு கையையும் கழுவ வேண்டும். பலர் வலக்கை விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஒருவர் பரிமாறினால் கரண்டிப் பிடியைத் தொடுவது ஒரே கை. குறை என்ன? அந்த ஒருவர் அனேகமாக வீட்டு மருமகள். பசியோடு நின்று, எல்லோரும் எழுந்த பிறகு ஆறின சோறு சாப்பிடுவார். சுகாதாரத்தின் பேரில் அந்தச் சுமையைக் கூட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பந்திக்கு ஓர் ஆள் என்று ஆண்களும் முறைவைத்துப் பரிமாற வேண்டும். பரிமாறுகிறவர் பாத்திரத்தின் மேல் குனிந்து பேசாமல் இருப்பது நல்லது. தொண்டை கரகரத்தால் அன்று அவருக்கு ஓய்வு. வீட்டில் நாலைந்து பேர்தான், எல்லோரும் கையைக் கழுவியிருக்கிறார்கள் என்றால் நடுவில் வைத்தே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதற்கென்று ஒரு கரண்டி, ருசி பார்க்கத் தனிக் கரண்டி, இது போதும்.

## ஒரே பார்வையில்

| பழக்கம் | முக நெருக்கம் | எச்சில், சளி போகும் வழி | மறைந்த செலவு | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| கைகுலுக்குதல் | ஒரு கை தூரம், பேச்சோடு | கை வழியாகச் சுற்றிப் போகும் | பிடித்தபடி நேருக்கு நேர் பேசுவது | துக்க வீடு, பார்வை மங்கியவர்கள். பின்னர் கழுவ வேண்டும் |
| வணக்கம் | எட்டி நிற்கலாம் | இல்லை | போலியான நிம்மதி. நெருங்கியவர்களிடம் அன்னியம் | வரிசையாக விருந்தினர் வரும் வாசல் |
| ஒரே டம்ளர், கரண்டி | பொருட்டல்ல | நேராக வாய்க்கு | கவனிக்கவே படாதது | காய்ச்சல் காலத்தில் எங்கும் வேண்டாம் |
| ஒரே தட்டு | மிக நெருக்கம் | இரு பக்கமும் | விட்டால் ஒட்டுதல் குறைந்த உணர்வு | மழைக்காலம் முடிந்த பிறகு |
| உருட்டிக் கொடுத்தல் | ஓரளவு | ஒரு திசை மட்டும் | உருட்டுகிறவருக்கு நோய் என்றால் எல்லோருக்கும் | நலமானவர், கழுவிய கை |
| ஒருவர் பரிமாறுதல் | நின்றபடி, சிறிது நேரம் | மிகக் குறைவு | ஒருவர் மேல் மட்டும் சுமை | பெரிய விருந்து, முறைவைத்து |

## அந்தப் பதினோரு பேர் விருந்து

வாசகியின் வீட்டுக்கே போவோம். ஞாயிறு மதியச் சாப்பாடு. பெரிய மாமாவுக்குக் காலையில் தொண்டையில் லேசான அரிப்பு. "தண்ணி மாறினது" என்று விட்டுவிட்டார். திங்கள்கிழமை காலை அவருக்கு 102 டிகிரி காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஞாயிறன்றே அவரிடமிருந்து பரவத் தொடங்கிவிட்டது.

வாசலில் வாசகியும் கணவரும் முந்திக்கொண்டு கும்பிடுகிறார்கள். யார் முதலில் கையைத் தூக்குகிறாரோ அவருடைய முறையைத்தான் எதிரில் வருகிறவரும் பின்பற்றுவார். அதனால் நாம் முந்திக்கொள்வதில் பலன் உண்டு. மாமா அப்படியும் கையை நீட்டினால் பிடித்துவிட வேண்டியதுதான். நீட்டிய கையைத் தட்டிக்கழித்தால் அந்தக் கசப்பு அடுத்த தீபாவளி வரை நிற்கும். பிடித்த பிறகு "வாங்க மாமா, கை கால் அலம்பிட்டு உட்காருங்க" என்று சொல்லி, தானும் போய்க் கழுவிக்கொள்ளலாம். வந்தவர்களை முதலில் கை கால் கழுவச் சொல்வது நம் வழக்கம்தானே, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இந்த வீட்டில் உண்மையில் முடிவைத் தீர்மானிக்கப்போவது மாமாவின் கை அல்ல, அவர் உட்காரும் இடம். தொண்டை அரிப்பு என்று அவர் வாயிலிருந்து வந்ததுமே, சாப்பாட்டில் அவரைப் பாட்டிக்கு எதிரில் உட்காரவைக்கக் கூடாது. நாற்பது நிமிடம் நேருக்கு நேர் பேசிச் சாப்பிடுவது, வாசலில் பத்து முறை கைகுலுக்குவதைவிடப் பெரிய வழி. ஒரே வரிசையில் தள்ளி, ஜன்னல் பக்கத்தில் உட்காரவைத்தால் "காற்று வர்ற இடத்துல உட்காருங்க" என்பது மரியாதையாகவே இருக்கும். பாட்டியும் பையனும் முதல் பந்தி. இரண்டு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். மழைச்சாரல் அடித்தால் ஒரு பாதியாவது. பாட்டிக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுவதென்றால் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். எதிர்ப்பாற்றல் வர அவ்வளவு நாள் ஆகும்.

திங்களன்று மாமாவிடமிருந்து போன் வந்ததும் என்ன செய்வது? ஃப்ளூ உள்ளே போய் வெளியே தெரிய ஒன்று முதல் நாலு நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு நாள். ஆக, செவ்வாய், புதன் கவனிக்க வேண்டிய நாட்கள். ஒரே நாளில் மூன்று நாலு பேர் படுத்தால் அனேகமாக எல்லோருக்கும் விருந்திலேயே தொற்றியிருக்கிறது. ஒருவர் புதனன்று, அடுத்தவர் சனிக்கிழமை என்று இடைவெளி விட்டு வந்தால் இப்போது வீட்டுக்குள்ளேயே சங்கிலி ஓடுகிறது. அதை இன்னும் அறுக்கலாம். எல்லோருக்கும் விருந்து முடிந்த ஆறேழு மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் என்றால் அது ஃப்ளூ அல்ல, சாப்பாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

சங்கிலியை அறுக்க வேகம் வேண்டும். ஹாங்காங்கில் வீடுகளில் நடந்த ஆய்வு 2009-ல் வெளியானது. அதில் முகக்கவசமும் கைகழுவலும் சேர்ந்து பலன் தந்தது, முதல் ஆளுக்கு அறிகுறி தெரிந்த 36 மணி நேரத்துக்குள் தொடங்கிய வீடுகளில்தான். பாங்காக் வீடுகளில் நடந்த மற்றோர் ஆய்வில், கைகழுவல் மட்டும் என்று சொன்னபோது வீட்டுக்குள் பரவல் குறையவில்லை. ஒரே அறையில் படுத்துத் தூங்குகிற குடும்பத்தில் கையை மட்டும் கழுவி என்ன பயன்? காய்ச்சல் வந்தவர் முதல் நாளே தனி அறையில், முடியாவிட்டால் ஜன்னலோரம் தலைமாடு கால்மாடு மாற்றிப் படுக்க வேண்டும். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவர் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், தனியாகச் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் அவருக்கு வராது.

பாட்டியிடம் மட்டும் காய்ச்சலை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு உடம்பு சுடாமலேயே ஃப்ளூ வரும். சோறு வேண்டாம் என்பது, எப்போதும் இல்லாத குழப்பப் பேச்சு, பகலெல்லாம் தூக்கம், இவைதான் முதலில் தெரியும். மூச்சு வாங்கினாலோ, பேச்சில் குழப்பம் இருந்தாலோ நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். மற்றபடி லேசாகத்தான் தெரிகிறது என்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். ஃப்ளூவுக்கான மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். "விருந்துக்கு வந்தவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல்" என்ற தகவலை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.